x + 4/x-இன் மிகச்சிறிய மதிப்பு: இயற்கணிதத்தால் மட்டும், படிப்படியாக

x ஒரு மிகை மெய்யெண். x + 4/x என்ற கோவை எவ்வளவு சிறியதாக ஆக முடியும்? வகையிடல் தெரிந்தவர் 1 − 4/x² = 0 என்று எழுதி, x = 2 என்று கண்டு, விடை 4 என்று சொல்லிவிடுவார். இங்கே அந்தக் கருவியைத் தொடப்போவதில்லை. (a − b)²-இன் விரிவும், இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டியும், "எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாது" என்ற ஓர் உண்மையும் போதும். இந்த வழியில் விடை கிடைப்பதோடு, அந்த விடை ஏன் அசைக்க முடியாதது என்பதும் ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. எனக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

முதலில், எதை நிறுவ வேண்டும்?

"சிறும மதிப்பு 4" என்ற வாக்கியத்துக்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. ஒன்று, எந்த மிகை x-ஐ எடுத்தாலும் x + 4/x ≥ 4. மற்றொன்று, ஏதோ ஒரு மிகை x-க்கு இந்தக் கோவை சரியாக 4 ஆகிறது. இரண்டையும் காட்டினால்தான் வேலை முடியும்.

முதல் கூற்று மட்டும் இருந்தால் நம்மிடம் இருப்பது ஒரு கீழ் எல்லைதான். x மிகை என்பதால் x + 4/x > 0. ஆக 0 ஒரு கீழ் எல்லை. 2-உம் 3-உம்கூடக் கீழ் எல்லைகள்தான். இவை எல்லாமே உண்மை, ஆனால் எதுவும் சிறும மதிப்பு இல்லை. ஏனென்றால் கோவை அந்த மதிப்புகளைத் தொடுவதே இல்லை. கீழே பார்க்கப்போகும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கூற்றை மறப்பதால் வருபவை.

படி 1: சில மதிப்புகளைப் போட்டுப் பார்ப்பது

கையால் கணக்கிட்டு ஒரு சிறு அட்டவணை போடுவோம்.

| x | 4/x | x + 4/x |
|---|---|---|
| 0.5 | 8 | 8.5 |
| 1 | 4 | 5 |
| 1.6 | 2.5 | 4.1 |
| 2 | 2 | 4 |
| 2.5 | 1.6 | 4.1 |
| 4 | 1 | 5 |
| 8 | 0.5 | 8.5 |

x மிகச் சிறியதாக இருந்தால் 4/x பெரிதாகிக் கூட்டலைத் தூக்கிவிடுகிறது. x பெரிதாக இருந்தால் x-ஏ தூக்கிவிடுகிறது. நடுவில் எங்கோ ஒரு தாழ்வு இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிகிறது.

அட்டவணை இன்னொன்றையும் காட்டுகிறது. கடைசி நிரலை மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் படித்தால் ஒரே வரிசைதான். 1-க்கும் 4-க்கும் ஒரே மதிப்பு 5, 0.5-க்கும் 8-க்கும் ஒரே மதிப்பு 8.5. காரணம் எளிது: x இருந்த இடத்தில் 4/x-ஐப் பிரதியிட்டால் முதல் உறுப்பு 4/x ஆகிறது, இரண்டாம் உறுப்பு 4 ÷ (4/x) = x ஆகிறது. இரண்டு உறுப்புகளும் இடம் மாறுகின்றன, கூடுதல் மாறவில்லை. ஆகவே ஒவ்வொரு x-க்கும் 4/x என்று ஓர் இணை இருக்கிறது. இருவரும் கோவைக்கு ஒரே மதிப்பைத் தருகிறார்கள்.

தனக்குத் தானே இணையாக இருக்கும் எண் எது? x = 4/x, அதாவது x² = 4, மிகை எண் என்பதால் x = 2. தாழ்வு ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்றால், அது 2-ஆகத்தான் இருக்க முடியும். வேறு இடத்தில் இருந்திருந்தால் அதன் இணையிலும் இன்னொரு தாழ்வு இருந்திருக்கும். ஆனால் அந்த "ஒரே இடத்தில்தான்" என்பதை நாம் இன்னும் நிறுவவில்லை. ஆகவே இது நல்ல ஊகம், நிரூபணம் அல்ல.

அட்டவணையை மட்டும் நம்பி நிற்பது ஏன் போதாது என்பதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். x = 1.9 எனில் மதிப்பு சுமார் 4.0053; x = 2.1 எனில் சுமார் 4.0048. தாழ்வுக்குப் பக்கத்தில் கோவை ஏறக்குறைய தட்டையாக இருக்கிறது, x 0.1 நகர்ந்தும் மதிப்பு 0.005 அளவுதான் மாறுகிறது. இரண்டு தசம இடங்களோடு நிறுத்தும் ஒருவருக்கு 1.9, 2, 2.1 மூன்றிலும் மதிப்பு 4.00 என்றோ 4.01 என்றோதான் தெரியும். எது உண்மையான தாழ்வு என்று அட்டவணையால் அடித்துச் சொல்ல முடியாது.

படி 2: 4 என்ற எண்ணை ஊகிக்காமல் கண்டுபிடிப்பது

ஊகமே இல்லாமல் அந்த 4 தானாக வெளிவரும்படி ஒரு வழி இருக்கிறது. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். "கோவையின் மிகச்சிறிய மதிப்பு எது?" என்பதை விட்டுவிட்டு, "k என்ற எண்ணைக் கோவை எடுக்குமா, எடுக்காதா?" என்று கேட்போம்.

கோவை k-ஐ எடுக்கிறது என்றால் ஏதோ ஒரு மிகை x-க்கு

x + 4/x = k

x பூச்சியம் இல்லை என்பதால் இருபுறமும் x-ஆல் பெருக்கலாம்:

x² − kx + 4 = 0

இது x-இல் ஓர் இருபடிச் சமன்பாடு. இதற்கு மெய் மூலம் இருக்க வேண்டுமானால் தன்மைகாட்டி குறை எண்ணாக இருக்கக் கூடாது:

k² − 16 ≥ 0

அதாவது k ≥ 4 அல்லது k ≤ −4. இந்த இடத்தில் பலர் "ஆகவே k ≥ 4" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். k ≤ −4 எங்கே போனது என்று சொல்லியாக வேண்டும். x > 0 எனில் x + 4/x > 0. எனவே k மிகை எண். அதனால்தான் k ≤ −4 என்ற பகுதி விலகுகிறது. அந்தப் பகுதி வீணானதும் அல்ல: x குறை எண்ணாக இருக்கும்போது கோவை எடுக்கும் மதிப்புகள் அவை. x = −1 எனில் −5, x = −2 எனில் −4. குறை எண்களின் பக்கம் −4 என்பது மிகப்பெரிய மதிப்பு. கேள்வியில் "x > 0" என்ற நிபந்தனை இல்லாமல் போனால் சிறும மதிப்பே கிடையாது. கோவை எவ்வளவு கீழே வேண்டுமானாலும் போகும்.

இப்போது மறுதிசை. k ≥ 4 எனில் மெய் மூலங்கள் இருக்கின்றன. அவை மிகை எண்களா? மூலங்களின் பெருக்கற்பலன் 4, ஆகவே இரண்டும் ஒரே குறி கொண்டவை. கூடுதல் k, அது மிகை. ஆகவே இரண்டும் மிகை எண்கள். ஆக, கோவை எடுக்கும் மதிப்புகள் மிகச் சரியாக 4-உம் அதற்கு மேற்பட்ட எல்லா எண்களும்தான். மிகச்சிறியது 4. அதை எடுக்கும் இடம்: x² − 4x + 4 = 0, அதாவது (x − 2)² = 0, x = 2.

எண்களோடு ஒருமுறை பார்த்தால் இது மனதில் பதியும். k = 5 எனில் x² − 5x + 4 = 0, மூலங்கள் 1, 4. அட்டவணையில் பார்த்த இணை இதுதான். k = 4.1 எனில் மூலங்கள் 1.6, 2.5. k-ஐக் குறைக்கக் குறைக்க இரண்டு மூலங்களும் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. k = 4-இல் இரண்டும் 2-இல் ஒன்றாகிவிடுகின்றன. k = 3 எனில் தன்மைகாட்டி 9 − 16 = −7; மூலமே இல்லை, கோவை 3-ஐ ஒருபோதும் எடுக்காது.

இரண்டு மூலங்கள் ஒன்றாகச் சேரும் இடமே பெருமமோ சிறுமமோ என்ற இந்த எண்ணம் பழையது. 17ஆம் நூற்றாண்டில், நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை அமைப்பதற்கு முன்பே, பியர் தெ ஃபெர்மா பெரும சிறும மதிப்புகளைக் காண ஒரு முறையை வகுத்தபோது இதைத்தான் அடிப்படையாகக் கொண்டார். ஒரு கோட்டுத்துண்டை இரண்டாக வெட்டி, அந்த இரண்டின் பெருக்கற்பலனை மிகப் பெரிதாக்குவது அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. நம் கணக்கு அதன் மறுபக்கம்: அங்கே கூடுதல் மாறாது, பெருக்கற்பலனைப் பெரிதாக்க வேண்டும்; இங்கே x × 4/x = 4 என்று பெருக்கற்பலன் மாறாது, கூடுதலைச் சிறிதாக்க வேண்டும்.

படி 3: ஒரு வரி நிரூபணம்

4 என்ற எண் கையில் வந்துவிட்டால் நிரூபணத்தை மிகச் சுருக்கமாக எழுதிவிடலாம். கோவையிலிருந்து 4-ஐக் கழித்து, மீதி குறை எண் ஆகாது என்று காட்டினால் போதும்.

x + 4/x − 4 = (x² − 4x + 4)/x = (x − 2)²/x

தொகுதியில் ஒரு முழு வர்க்கம், அது பூச்சியம் அல்லது மிகை. பகுதியில் x, அது மிகை. ஆகவே பின்னம் ≥ 0, அதாவது x + 4/x ≥ 4. சமம் வருவது தொகுதி பூச்சியமாகும்போது மட்டும்: x = 2. அங்கே 2 + 4/2 = 4. முடிந்தது.

எனக்கு எல்லா வழிகளையும்விட இந்த வடிவமே மேலானதாகப் படுகிறது. முதலாவது, கீழ் எல்லையும், அது எட்டப்படும் இடமும், அந்த இடம் ஒன்றே ஒன்று என்பதும் மூன்றும் (x − 2)²/x என்ற ஒரே கோவைக்குள் இருக்கின்றன. இரண்டாவது, "x > 0" என்ற நிபந்தனை எங்கே பயன்படுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பகுதியில் இருக்கும் அந்த x-தான். x குறை எண் என்றால் பின்னத்தின் குறி புரண்டுவிடும். மூன்றாவது, இது ஒரு முற்றொருமை என்பதால் 4-க்கு மேலே எவ்வளவு என்பதையும் துல்லியமாகச் சொல்கிறது. x = 2.1 எனில் மிகுதி 0.01/2.1, சுமார் 0.0048. அட்டவணையில் தாழ்வு தட்டையாக இருந்ததன் காரணம் இப்போது தெரிகிறது: 2-இலிருந்து விலகும் தொலைவு வர்க்கமாகி நுழைகிறது, 0.1 என்ற விலகல் 0.01 ஆகச் சுருங்கிவிடுகிறது.

விடைத்தாளில் எழுதும்போது ஒரு திசையை மட்டும் கவனிக்க வேண்டும். "x + 4/x ≥ 4 எனில் x² + 4 ≥ 4x எனில் (x − 2)² ≥ 0, இது உண்மை, ஆகவே நிறுவப்பட்டது" என்று எழுதுவது தலைகீழ் வாதம். நிறுவ வேண்டியதிலிருந்து தொடங்கி ஓர் உண்மையை அடைந்திருக்கிறோம். பொய்யான கூற்றிலிருந்தும் உண்மையை அடைய முடியும். இந்தக் கணக்கில் ஒவ்வொரு படியும் பின்னோக்கியும் செல்லும் என்பதால் பெரிய சேதம் இல்லை, ஆனாலும் (x − 2)² ≥ 0-இலிருந்து தொடங்கி, x > 0 என்பதால் x-ஆல் வகுத்து, மேலே ஏறிவருவதே முறை. மேலே காட்டியபடி கழித்து எழுதினால் இந்தச் சிக்கலே எழாது.

இதே உண்மைக்கு வடிவியல் முகம் ஒன்றும் உண்டு. a, b என்ற எந்த இரண்டு எண்களுக்கும் (a + b)² = (a − b)² + 4ab. இதில் a = x, b = 4/x என்று வைத்தால்

(x + 4/x)² = (x − 4/x)² + 16

வலப்புறத்தில் 16 அசையாது. ஆகவே கூடுதல் சிறியதாக வேண்டுமானால் வேறுபாடு x − 4/x பூச்சியமாக வேண்டும். x, 4/x பக்கங்கள் கொண்ட செவ்வகத்தின் பரப்பு எப்போதும் 4. பக்கங்களின் வேறுபாடு மறைந்து அது சதுரமாகும்போது சுற்றளவு மிகக் குறைவு, அதாவது 8. யூக்ளிடின் 'மூலங்கள்' நூலின் இரண்டாம் புத்தகம், 5ஆம் தேற்றம், குறியீடுகள் ஏதுமின்றிக் கோடுகளையும் சதுரங்களையும் கொண்டு சொல்வது இதே முற்றொருமையைத்தான்.

படி 4: சராசரி அசமன்பாடும் அதன் கண்ணியும்

பலருக்குப் பழக்கமான வழி, கூட்டுச் சராசரி எப்போதும் பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்பது. a, b மிகை எண்கள் எனில் a + b ≥ 2√(ab). இதில் a = x, b = 4/x என்றால் பெருக்கற்பலன் 4, எனவே கூடுதல் ≥ 2√4 = 4. இந்த அசமன்பாடு வானத்திலிருந்து வந்ததல்ல. (√a − √b)² ≥ 0 என்பதை விரித்து எழுதியதுதான். நம் கணக்கில் அது

x + 4/x = (√x − 2/√x)² + 4

என்றாகிறது. ஆக இதுவும் முந்தைய படியின் வர்க்கமே, வேறு உடையில்.

வேகமான வழிதான், ஆனால் பெருக்கற்பலன் மாறிலியாக இருக்கும்போது மட்டும். இந்த நிபந்தனையை மறந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். x > 0 எனில் x + 4/x²-இன் சிறும மதிப்பு என்ன?

அதே சூத்திரத்தை அப்படியே போட்டால் x + 4/x² ≥ 2√(4/x) = 4/√x. இது உண்மைதான். அடுத்து ஒருவர் "சமம் வருவது x = 4/x² ஆகும்போது" என்று எழுதி, x³ = 4, x ≈ 1.587 என்று கண்டு, அங்கே மதிப்பு சுமார் 3.175 என்று விடை சொல்கிறார். எல்லா வரிகளும் சரியாகத் தெரிகின்றன. ஆனால் x = 2 போட்டால் 2 + 4/4 = 3. அவருடைய "சிறும மதிப்பை"விட இது சிறியது.

பிழை எங்கே? வலப்புறம் 4/√x என்பது ஒரே எண் அல்ல. x நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. கோவை தனக்குக் கீழே இருக்கும் இன்னொரு வளைகோட்டை 1.587-இல் தொடுகிறது, அவ்வளவுதான். அந்த வளைகோடு அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போகிறது. கோவையும் கூடவே கொஞ்ச தூரம் இறங்குகிறது. கீழே இருப்பது கிடைமட்டக் கோடாக இருந்தால்தான் தொடும் புள்ளி சிறுமப் புள்ளி ஆகும். இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு: அசமன்பாட்டை எழுதியவுடன் வலப்புறத்தில் x மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரியிலிருந்து விடை எடுக்கக் கூடாது.

சரியான வழி, உறுப்புகளைப் பெருக்கற்பலன் மாறிலியாகும்படி பிரிப்பது. x-ஐ x/2 + x/2 என்று இரண்டாக்கினால், x/2 × x/2 × 4/x² = 1. மூன்று எண்களுக்கான சராசரி அசமன்பாட்டின்படி கூடுதல் ≥ 3. மூன்றும் சமமாவது x/2 = 4/x² ஆகும்போது, x³ = 8, x = 2. மூன்று எண்களுக்கான அசமன்பாட்டை நம்பியிருக்க விருப்பமில்லை என்றால், கிடைத்த 3-ஐ வைத்துப் படி 3-இன் முறையிலேயே சரிபார்க்கலாம்:

x + 4/x² − 3 = (x³ − 3x² + 4)/x² = (x − 2)²(x + 1)/x²

x > 0 எனில் எதுவும் குறை எண் ஆகாது. மறுபடியும் (x − 2)² வந்து நிற்பதைப் பாருங்கள். 2 என்பது தொகுதியின் இரட்டை மூலம். படி 2-இல் மூலங்கள் ஒன்றானதன் தடம்தான் இது.

படி 5: x-க்கு வேலி போட்டால்

"x ≥ 3 எனில் x + 4/x-இன் சிறும மதிப்பு காண்க" என்று கேள்வி வந்தால்? x + 4/x ≥ 4 என்பது இப்போதும் உண்மை. ஆனால் சமம் வர x = 2 தேவை; அது வேலிக்கு வெளியே இருக்கிறது. ஆகவே 4 விடை அல்ல. தன்மைகாட்டி முறையும் இங்கே தடுக்கி விழுகிறது: k = 4.1 எனில் மெய் மூலங்கள் இருக்கின்றன, ஆனால் அவை 1.6-உம் 2.5-உம், இரண்டுமே 3-க்குக் கீழே. மெய் மூலம் இருக்கிறது என்பது மட்டும் இங்கே போதாது.

இங்கே தேவைப்படுவது, 2-ஐத் தாண்டிய பிறகு கோவை ஏறிக்கொண்டே போகிறது என்ற தகவல். அதையும் இயற்கணிதம் தரும். p, q இரண்டு மிகை எண்கள், p < q. இரண்டு இடங்களிலும் கோவையின் மதிப்புகளைக் கழிப்போம்:

(q + 4/q) − (p + 4/p) = (q − p) − 4(q − p)/(pq) = (q − p)(pq − 4)/(pq)

q − p மிகை, pq மிகை. குறியைத் தீர்மானிப்பது pq − 4 மட்டும். p, q இரண்டும் 2-க்குக் குறையாமல், வெவ்வேறாக இருந்தால் pq > 4. வேறுபாடு மிகை, கோவை ஏறுகிறது. இரண்டும் 2-ஐத் தாண்டாமல், வெவ்வேறாக இருந்தால் pq < 4, கோவை இறங்குகிறது. pq = 4 எனில் வேறுபாடு பூச்சியம்; படி 1-இல் பார்த்த இணைகள் இவைதான். வகையிடல் தரும் ஏற்ற இறக்கத் தகவல் முழுவதும் இந்த ஒரு காரணிப்படுத்தலில் கிடைத்துவிடுகிறது.

ஆகவே x ≥ 3 எனில் மிகச்சிறிய மதிப்பு x = 3-இல்: 3 + 4/3 = 13/3. தனியாகச் சரிபார்க்க,

x + 4/x − 13/3 = (3x² − 13x + 12)/(3x) = (x − 3)(3x − 4)/(3x)

x ≥ 3 எனில் எல்லாக் காரணிகளும் குறை எண் ஆகாதவை. இந்தத் தடவை தொகுதியில் முழு வர்க்கம் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிறும மதிப்பு வேலியின் ஓரத்தில் வந்தால் ஓர் ஒற்றைக் காரணியும், உள்ளே வந்தால் ஒரு வர்க்கமும் கிடைக்கும்.

வேலி வெளிப்படையாகச் சொல்லப்படாத கணக்குகளில்தான் அதிகமானோர் வழுக்குகிறார்கள். எல்லா மெய்யெண் x-க்கும் (x² + 9)/√(x² + 5)-இன் சிறும மதிப்பைக் காணச் சொன்னால், u = √(x² + 5) என்று வைப்போம். தொகுதி u² + 4, எனவே கோவை u + 4/u. உடனே "4" என்று எழுதக் கை துடிக்கும். அதற்கு u = 2, அதாவது x² + 5 = 4, x² = −1 வேண்டும்; மெய்யெண்களில் அது நடக்காது. u-இன் உண்மையான வீச்சு u ≥ √5. √5 என்பது 2-ஐவிடப் பெரியது, அங்கிருந்து கோவை ஏறுகிறது. ஆகவே சிறும மதிப்பு u = √5-இல், அதாவது x = 0-இல்: 9/√5, சுமார் 4.025. 4-க்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் கணிப்பானில் சில மதிப்புகளைப் போட்டுப் பார்ப்பவருக்கும் சந்தேகம் வராமல் போகலாம். எந்தப் பிரதியிடலுக்குப் பிறகும் புதிய மாறி எங்கிருந்து எங்குவரை போகும் என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

படி 6: எண்கள் மாறினால்

2x + 9/x, x > 0. முழு எண்களைப் போட்டுப் பார்த்தால் x = 1-இல் 11, x = 2-இல் 8.5, x = 3-இல் 9. 8.5 என்று நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் இரண்டு உறுப்புகளின் பெருக்கற்பலன் 18, மாறிலி. ஆகவே

2x + 9/x = (√(2x) − 3/√x)² + 6√2

விரித்தால் குறுக்கு உறுப்பு 2 × √2 × 3 = 6√2 என்று வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். சிறும மதிப்பு 6√2, சுமார் 8.485. வர்க்கம் பூச்சியமாவது 2x = 9/x-இல், x = 3/√2, சுமார் 2.121. 8.5-க்கும் உண்மையான விடைக்கும் இடையே 0.015 மட்டுமே. இங்கே இணைகளைத் தேடினாலும் துப்பு கிடைக்கும்: x = 2-இல் உறுப்புகள் 4, 4.5; x = 2.25-இல் அவை 4.5, 4. இரண்டிலும் 8.5. இரண்டு வெவ்வேறு இடங்களில் ஒரே மதிப்பு என்றால், படி 2-இன்படி இன்னும் கீழே போக இடம் இருக்கிறது, அந்த இடம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பொதுவாக a, b மிகை எண்கள் எனில் ax + b/x-இன் சிறும மதிப்பு 2√(ab), இடம் x = √(b/a).

x + 4/(x − 1), x > 1 என்பதில் பெருக்கற்பலன் மாறிலி இல்லை. ஆனால் பகுதியில் இருப்பதையே முன்னாலும் கொண்டுவரலாம்: (x − 1) + 4/(x − 1) + 1. முதல் இரண்டு உறுப்புகள் பழைய கோவையேதான், x − 1 என்ற மிகை எண்ணோடு. ஆகவே சிறும மதிப்பு 4 + 1 = 5, x − 1 = 2, அதாவது x = 3-இல்.

கடைசியாக, x/(x² + 4), x > 0. இங்கே கேட்பது பெரும மதிப்பு. தொகுதியையும் பகுதியையும் x-ஆல் வகுத்தால் 1/(x + 4/x). பகுதி மிகை எண்; அது மிகச் சிறியதாகும்போது பின்னம் மிகப் பெரியதாகும். ஆகவே பெரும மதிப்பு 1/4, x = 2-இல். இதற்குச் சிறும மதிப்பு உண்டா என்று கேட்டால், இல்லை. x பெரிதாகப் பெரிதாகப் பின்னம் பூச்சியத்தை நெருங்குகிறது, ஆனால் எந்த மிகை x-க்கும் பூச்சியம் ஆவதில்லை. 0 என்ற கீழ் எல்லை இருக்கிறது, அதைத் தொடும் x இல்லை.